மஞ்சள் நீராட்டு அழைப்பிதழுக்குப் பெண்ணின் போட்டோவில் பாவாடை தாவணி பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"விழா அன்னைக்கு எப்படியும் தாவணி கட்டத்தானே போறா? இப்பவே எதுக்கு இந்த ஒட்டு வேலை?"

அழைப்பிதழ் விழாவுக்கு முன்பே அச்சாகிவிடுகிறது, அதுதான் காரணம். பாவாடை தாவணி பெரும்பாலும் தாய்மாமன் சீரோடு தட்டில் வருகிறது. தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பெண் அதை உடுத்துவாள், அதற்கு முன் உடுத்திப் பார்க்கக்கூடாது என்று சில வீடுகளில் கண்டிப்பாகச் சொல்வார்கள். ஆனால் அழைப்பிதழில் சுடிதாரோடோ ஃபிராக்கோடோ படம் வந்தால் பாட்டிக்குப் பிடிக்காது. ஆகவே டிசைனரிடம் வருகிறார்கள்.

ஒரு யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா முறையில் யாருடைய தாவணியாவது கிடைத்தால், அதைக் கட்டி வாசலில் நிற்க வைத்து எடுத்த படம் எந்த ஒட்டு வேலையையும் விட நன்றாக இருக்கும். வேண்டுமானால் நிறத்தை மட்டும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அது முடியாத வீடுகளுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

"எந்த மாதிரி போட்டோ கொடுத்தா நல்லா வரும்?"

செல்ஃபி வேண்டாம். கை எட்டும் தூரத்தில் எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காது உள்வாங்கியும் தெரியும். முகத்தை ஒட்டப் போகும் தாவணி டெம்ப்ளேட்டில் உள்ள உடம்போ தூரத்தில் நின்று எடுத்தது. இரண்டையும் சேர்த்தால் எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் "என்னமோ ஒட்டலை" என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு எடிட்டிங்கில் மருந்து இல்லை.

ஆறேழு அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில், வேண்டுமானால் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, பெண்ணின் முகத்துக்கு நேர் உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். வாசல் நிழல் போதும், சுவர் வெறும் சுவராக இருந்தால் நல்லது. தலையை எண்ணெய் வைத்து வாரி, நடு வகிடு எடுத்துப் பின்னலிட்டிருக்க வேண்டும். நெற்றிச்சுட்டி பின்னால் வகிட்டின் மேல்தான் உட்காரப் போகிறது. காலர் இல்லாத, கழுத்து சற்று அகன்ற சட்டை போட்டிருந்தால் கழுத்து எலும்பு வரை தோல் தெரியும். இது ஒன்று கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். 3000 × 4000 பிக்சல் படம் சாதாரணமாகப் போனால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 ஆகக் குறுகிவிடும். மூலப் படத்தில் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை 800 பிக்சல் இருந்த முகம், வந்து சேரும்போது 320 பிக்சல்தான் இருக்கும்.

"ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டோ மட்டும்தான் இருக்கு. முடியுமா?"

முடியும், ஆனால் கழுத்து கிடைக்காது. காலரும் டையும் மூடிய இடத்தில் டெம்ப்ளேட்டின் கழுத்தைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கும். தாடைக்குக் கீழே ஒட்டு விழும், அந்த ஒட்டை மறைக்க நிழல் போட வேண்டும். அழைப்பிதழில் சின்னதாக வரும் படத்துக்குச் சமாளிக்கலாம். பேனருக்குச் சரிப்படாது.

"டெம்ப்ளேட் நெட்ல நிறைய கிடைக்குதே. எதை எடுக்கறது?"

தலை இல்லாத பாவாடை தாவணி PSD படங்கள் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இருபது வயதுக்கு மேற்பட்ட மாடல்களை வைத்து எடுத்தவை. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தை அந்த உடம்பில் வைப்பது பார்க்கவும் நன்றாக இருக்காது, சரியும் கிடையாது. என் கடையில் இதில் விட்டுக்கொடுப்பது இல்லை. தோள் குறுகிய சிறுமி உடம்பு, கழுத்தை ஒட்டிய ரவிக்கை, முழங்கை வரை கை, இடுப்பை மூடிச் செருகிய தாவணி, இவை நான்கும் உள்ள டெம்ப்ளேட்டாகத் தேடுங்கள். இடுப்பு தெரிகிற டெம்ப்ளேட்தான் கிடைத்தது என்றால், தாவணியின் மடிப்பு ஒன்றை நகலெடுத்து, ஃபோட்டோஷாப்பின் `Warp` கொண்டு வளைத்து அந்த இடத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது தோள் திரும்பியிருக்கும் பக்கம். முகம் நேராக இருந்து உடம்பு சற்றே திரும்பியிருந்தால் பரவாயில்லை, மனிதர்கள் அப்படி நிற்பார்கள். முகம் ஒரு பக்கமும் தோள் எதிர்ப்பக்கமும் நன்றாகத் திரும்பியிருந்தால் கழுத்து முறுக்கியது போல் இருக்கும்.

மூன்றாவது வெளிச்சம். பெண்ணின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, டெம்ப்ளேட்டில் தாவணி மடிப்புகளின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள், அது பிறகு வருகிறது.

"டெம்ப்ளேட் அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. Flip Horizontal பண்ணிட்டா முடிஞ்சுதே?"

முடியாது. தாவணி வலது இடுப்பிலிருந்து மார்பின் குறுக்கே ஏறி இடது தோளில் விழ வேண்டும். படத்தைப் பார்க்கும் நமக்கு அது கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கம் போகும். உடையைத் திருப்பிப் போட்டால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். டிசைன் செய்கிற பையனுக்கு இது கண்ணில் படாது, ஆனால் பத்திரிகையைக் கையில் வாங்கிய அத்தை முதல் பார்வையிலேயே "என்னடி, வடக்கத்திக்காரங்க மாதிரி கட்டியிருக்கு" என்பார். அச்சடித்த பிறகு அதைக் கேட்க வேண்டுமா?

அப்படியானால் முகத்தைத் திருப்பலாமா? திருப்பலாம், ஆனால் பெற்ற தாய்க்குத் தெரியும். கன்னத்து மச்சம் இடம் மாறும், பக்க வகிடாக இருந்தால் அதுவும் மாறும். மச்சத்தை மட்டும் பழைய இடத்துக்குக் கொண்டுபோனாலும் முகம் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். வேறு டெம்ப்ளேட் தேடுவதே நல்லது.

இன்னொன்று: முன்பக்கக் கேமரா சில போன்களில் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகவே சேமிக்கும். சட்டையில் எழுத்தோ பேட்ஜோ இருந்தால் அது இடவலம் மாறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் படத்தைத் திருப்பினால்தான் உண்மையான முகம்.

"தலை பெருசா இருக்கு, இல்லைன்னா சிறுசா இருக்கு. கண்ணளவுல சரியா வரமாட்டேங்குது."

கண்ணளவை விட்டுவிட்டுக் கையை வைத்து அளந்து பாருங்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளமும், மோவாயிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை உள்ள நீளமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும். உங்கள் உள்ளங்கையை முகத்தில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். டெம்ப்ளேட்டில் தலை இல்லாவிட்டாலும் கை இருக்கிறதே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெம்ப்ளேட் 12 × 18 அங்குலம், 300 dpi, அதாவது 3600 × 5400 பிக்சல். அதில் நிற்கும் உருவத்தின் கை, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 480 பிக்சல் என்று `Ruler Tool` காட்டுகிறது. பெண்ணின் முகம் 800 பிக்சல். 480-ஐ 800-ஆல் வகுத்தால் 60 சதவீதம். `Ctrl+T` அழுத்தி அகலம் உயரம் இரண்டையும் 60 சதவீதம் ஆக்குங்கள். பிள்ளைகளுக்கு உடம்போடு பார்க்கும்போது தலை பெரியவர்களைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். ஆகவே 62 அல்லது 63-இல் நிறுத்தினால் வயதுக்கு ஏற்றபடி இருக்கும். 70-க்குப் போனால் பொம்மைத் தலை ஆகிவிடும்.

இதே பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்திருந்தால் முகம் 320 பிக்சல்தானே? அதை 480 ஆக்க ஒன்றரை மடங்கு பெரிதாக்க வேண்டும். உடை கூர்மையாகவும் முகம் மங்கலாகவும் நிற்கும். ஒட்டுப்படம் என்று காட்டிக்கொடுப்பதில் இதற்குத்தான் முதலிடம். வேறு வழியே இல்லையென்றால் முகத்தைப் பெரிதாக்காமல் டெம்ப்ளேட்டைச் சிறிதாக்குங்கள், அந்த அளவிலேயே அச்சடிக்கப் போதுமா என்று பாருங்கள். அழைப்பிதழில் 3 × 4 அங்குலப் படத்துக்கு 900 × 1200 பிக்சல் இருந்தால் தாராளம்.

"கழுத்துல ஒட்டு தெரியுது. எவ்வளவு தேய்ச்சாலும் போகலை."

தேய்ப்பதால்தான் போகவில்லை. ஒட்டு விழும் இடத்தை மாற்ற வேண்டும்.

பலர் தாடையோடு வெட்டி, டெம்ப்ளேட்டின் கழுத்தில் முகத்தை உட்கார வைக்கிறார்கள். அப்போது முகம் ஒருவருடையது, கழுத்து இன்னொருவருடையது. முகத்துக்கும் கழுத்துக்கும் நிறம் ஒத்துப்போவது அரிது. நான் பெண்ணின் கழுத்தையும் சேர்த்தே எடுப்பேன், கழுத்து எலும்புக்கு இரண்டு விரல் கீழே வரை. அங்கே `Layer Mask` போட்டு, விளிம்பு மெத்தென்ற பெரிய பிரஷ்ஷால் மறைத்துக்கொண்டே வந்தால் தோலோடு தோல் கலந்துவிடும். அதற்கு மேல் அட்டிகையோ நெக்லஸோ உட்காரும்போது ஒட்டு எங்கே என்று போட்டவருக்கே தெரியாது.

இதற்கு அடுக்கு வரிசை முக்கியம். டெம்ப்ளேட்டில் நகை உடம்போடு சேர்ந்தே இருக்கும். நெக்லஸைத் தேர்ந்து `Ctrl+J` கொடுத்துத் தனி லேயராக எடுத்து மேலே வையுங்கள். இடது தோளில் கழுத்தை ஒட்டி ஏறும் தாவணி மடிப்பையும் அதேபோல எடுத்து மேலே வையுங்கள். கீழிருந்து மேலாகச் சொன்னால்: முதலில் பின்னணி, அப்புறம் முதுகுப் பக்கம் போகும் பின்னலும் பூவும், அதன் மேல் டெம்ப்ளேட் உடம்பு, அதன் மேல் பெண்ணின் கழுத்தும் முகமும், கடைசியாக நெக்லஸும் தோள் மடிப்பும். தோள் மடிப்பு கழுத்துக்கு அடியில் போய்விட்டால், ஃபிரேமுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டுவது போல ஆகிவிடும்.

டெம்ப்ளேட்டின் கழுத்துத் துண்டு பெண்ணின் கழுத்தைவிட அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு கீற்றுத் தோல் துருத்தும். அதை மறைக்க கழுத்தை அகலமாக்காதீர்கள், அந்தக் கீற்றை அழியுங்கள்.

கடைசியாகத் தாடையின் நிழல். புது லேயர், `Multiply`, கழுத்தின் கருமையான பகுதியிலிருந்தே எடுத்த செம்பழுப்பு நிறம், 15 முதல் 20 சதவீத `Opacity`. இரண்டு மூன்று முறை மெதுவாகப் போடுங்கள். கறுப்பை எடுத்துப் போட்டால் அழுக்குப் படிந்த கழுத்தாகத் தெரியும்.

"முகத்தைக் கொஞ்சம் கலரா பண்ணிடுங்களேன், கையெல்லாம் வெள்ளையா இருக்கு."

அம்மாக்கள் கேட்பது இது. டெம்ப்ளேட்டின் கை வெளுப்பாக இருக்கிறது, பெண் மாநிறம் என்றால், மாற வேண்டியது கைதான். அவள் முகத்தை மாற்றிவிட்டு அவள் பெயரைப் போட்டு அச்சடிப்பதில் என்ன இருக்கிறது? மண்டபத்துக்கு வருகிறவர்கள் நேரில் பார்க்கத்தானே போகிறார்கள்.

இரண்டு கைகளையும், வேறு எங்கே தோல் தெரிகிறதோ அதையும் தேர்ந்து, மேலே `Curves` ஒன்றை வையுங்கள். நடுப்பகுதியைக் கீழே இறக்கினால் கருமை வரும். அப்புறம் நீலச் சேனலைச் சற்றே குறைத்தால் மஞ்சள் கலந்த மாநிறம் வரும். ஒப்பிட வேண்டியது நெற்றியோடு அல்ல, கழுத்தோடு. நெற்றியில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கும், அது ஏமாற்றும். உள்ளங்கையையும் நகத்தையும் மாஸ்க்கில் விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் அவை வெளிர் நிறம்தான். இதை மறந்து முழுக்கையையும் கருமையாக்கினால் கையுறை போட்ட மாதிரி இருக்கும்.

"தலைமுடி ஓரத்துல வெள்ளைக் கோடு விழுது. பூ, சுட்டி, ஜிமிக்கி எல்லாம் எப்படி வைக்கறது?"

வெள்ளைக் கோடு பின்னாலிருந்த சுவரின் மிச்சம். `Select and Mask` போய் `Refine Edge Brush` கொண்டு முடியின் ஓரத்தை மட்டும் தடவி, `Decontaminate Colors` டிக் செய்தால் பெரும்பகுதி போய்விடும். எண்ணெய் வைத்து வாரச் சொன்னது இதற்காகவும்தான். மிச்சமிருக்கும் இடங்களைப் பூ பார்த்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம் எட்டிப் பார்க்கும்படி வைத்தால் கழுத்தோர முடியில் பாதி மறைந்துவிடும். நெற்றியில் இருக்கும் குட்டி முடிகளை மட்டும் வெட்டி எடுத்துவிடாதீர்கள். அதை மழித்தது போலச் சுத்தமாக்கினால் விக் மாட்டிய மாதிரி ஆகிவிடும்.

நெற்றிச்சுட்டி வகிட்டின் கோட்டிலேயே இறங்கி, நெற்றியின் வளைவோடு சற்று வளைய வேண்டும். தலை சாய்ந்திருந்தால் சுட்டியும் தலையோடு சாயும், ஏனென்றால் அது முடியில் மாட்டியிருக்கிறது. ஜிமிக்கி அப்படி இல்லை. தலை எப்படிச் சாய்ந்தாலும் ஜிமிக்கி நேராகத் தரையை நோக்கித்தான் தொங்கும். முகத்தோடு ஜிமிக்கியையும் சேர்த்துச் சுழற்றிவிட்டு, ஏதோ சரியில்லை என்று தேடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஜிமிக்கிக்கும் அடியில் கழுத்தில் ஒரு சின்ன நிழல் போடுங்கள், அது போதும்.

"மாமா எடுத்தது மாம்பழ மஞ்சள் பாவாடை, அரக்குத் தாவணி. டெம்ப்ளேட் கரும்பச்சை. மாத்த முடியுமா?"

இதற்குத்தான் நிறையப் பேர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். டெம்ப்ளேட்டை எடுக்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், வெளிர்வா அடர்வா என்று பாருங்கள். டெம்ப்ளேட்டின் மேல் ஒரு `Black & White` லேயர் வைத்துப் பாருங்கள். மாம்பழ மஞ்சள் கறுப்பு வெள்ளையில் வெளிர் சாம்பலாக வரும். கரும்பச்சை கிட்டத்தட்ட கறுப்பாக வரும். அந்தக் கறுப்பை இழுத்து மஞ்சளாக்கினால் முதலில் சாணி நிறம் வரும். `Curves` போட்டு ஏற்றினால் மடிப்புகளுக்குள் புள்ளி புள்ளியாக நிற்கும், பட்டின் மினுக்கம் போய்விடும். வெளிர் ரோஸ், வெளிர் நீலம், கிளிப்பச்சை இவற்றில் ஒன்றிலிருந்து மஞ்சளுக்குப் போவது சுலபம். அரக்குக்கு அந்தப் பிரச்சினை இல்லை, வெளிர்விலிருந்து அடர்வுக்கு எப்போதும் போகலாம்.

சரி, கிளிப்பச்சைப் பாவாடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாவாடையை `Pen Tool` கொண்டு ஒருமுறை நிதானமாகச் சுற்றி வரைந்து மாஸ்க் ஆக்குங்கள். அதன் மேல் `Hue/Saturation` வைத்து `Hue` நகர்த்தினால் பச்சை மஞ்சளாகும், கூடவே ஜரிகையும் ஆரஞ்சாகவோ செம்பாகவோ மாறிவிடும். துணி எந்த நிறமானாலும் ஜரிகை தங்கமாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே நிறம் மாற்றுவதற்கு முன்பே `Select > Color Range` போய், ஜரிகையை ஐட்ராப்பரால் தொட்டுத் தேர்ந்து, அந்த இடத்தை மாஸ்க்கில் கறுப்பாக்கிவிடுங்கள். பார்டரில் மட்டுமா ஜரிகை? உடலில் உள்ள புட்டாக்களையும் பாருங்கள். ஒரே ஒரு புட்டா செம்பு நிறத்தில் நின்றாலும் கண் அங்கேதான் போகும்.

தாவணிக்கும் தனி மாஸ்க். இங்கே ஒரு சிக்கல் உண்டு. தாவணி மெல்லிய துணியாக இருந்தால் ரவிக்கை உள்ளே லேசாகத் தெரியும். ரவிக்கையின் நிறத்தை மாற்றுகிறீர்கள் என்றால், தாவணிக்கு வெளியே தெரியும் ரவிக்கையை முழுதாகவும், தாவணிக்குள் தெரியும் பகுதியை மாஸ்க்கில் பாதிச் சாம்பலாகவும் வைக்க வேண்டும். விட்டுவிட்டால் கைப்பகுதி ஒரு நிறமும் நெஞ்சுப்பகுதி இன்னொரு நிறமுமாக இரண்டு ரவிக்கை போட்ட மாதிரி ஆகும்.

மாமா எடுத்த துணியை வெயிலில் வைத்து எடுத்த போட்டோவோடு ஒப்பிடாதீர்கள். நிழலில், ஒரு வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் வெள்ளையாகத் தெரியும்படி அந்தப் படத்தைச் சரிசெய்த பிறகு துணியின் நிறத்தை எடுத்தால் உண்மைக்கு நெருக்கமாக வரும்.

"நிறம் மட்டுமில்ல, அதே துணியோட டிசைனே வேணும்னா?"

சின்ன புட்டாவாக இருந்தால் விட்டுவிடுங்கள், அழைப்பிதழ் அளவில் யாருக்கும் தெரியாது. கட்டம் போட்ட பாவாடை என்றால் தெரியும். துணியைத் தட்டையாக விரித்து எடுத்த படத்தைப் பாவாடையின் மேல் அப்படியே பரப்பி `Multiply` கொடுத்தால், மடிப்புகள் இருக்கும், கட்டங்கள் மட்டும் மடிப்பைக் கண்டுகொள்ளாமல் நேராக ஓடும். ஒவ்வொரு மடிப்பிலும் கோடு முறிய வேண்டும். அதற்குத் துணிப் படத்தை மடிப்பு வாரியாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் `Warp` கொண்டு இடுப்பில் குறுக்கியும் கீழே விரித்தும் வைக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை, அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுங்கள்.

"மாலை போட்ட மாதிரி வேணும்னு தாத்தா சொல்றார்."

மாலை டிசைனருக்கு வசதி, மார்பில் பாதி மறைந்துவிடும். கழுத்தில் விழுந்து தோளிலிருந்து இறங்குகிற மாலையாக இருக்க வேண்டும், தாவணிக்கு மேலே. அடியில் நிழலும் வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. முகத்தை மட்டும் வட்டமாகவோ செவ்வகமாகவோ வெட்டி, அந்த ஃபிரேமைச் சுற்றி மாலை வைக்காதீர்கள். பக்கத்தில் குத்துவிளக்கும் வைத்துவிட்டால் அது வேறு விஷயத்துக்கு அடிக்கிற போஸ்டர் ஆகிவிடும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அழகுக்காக இதைச் செய்துவிடுகிறார்கள். விளக்கு வேண்டுமென்றால் பத்திரிகையின் இரண்டு ஓரத்திலும், எழுத்துப் பக்கமாக வையுங்கள். பெண்ணின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதும் வேண்டாம்.

"மாமன்மார் சேர்ந்து ஃபிளெக்ஸ் வைக்கிறோம். இதே படத்தை அனுப்பினா போதுமா?"

ஆறுக்கு நாலு அடி பேனர், 72 dpi என்றால் 5184 × 3456 பிக்சல். அதில் முகம் ஒரு அடி உயரம் வந்தால் 864 பிக்சல் வேண்டும். நம் கணக்கில் டெம்ப்ளேட்டில் இருக்கும் முகம் ஏறத்தாழ 500. மூலப் படத்தில் 800 இருந்ததே, அது கைவசம் இருந்தால் முகத்தை மறுபடி அதிலிருந்து எடுத்து வைக்கலாம். அதனால்தான் முகத்தை லேயரில் சேர்க்கும்போதே `Convert to Smart Object` கொடுத்துவிட்டுச் சிறிதாக்க வேண்டும். அப்படிச் செய்தால் திரும்பப் பெரிதாக்கும்போது பழைய 800 பிக்சலும் உள்ளேயே இருக்கும். பேனருக்கு உடம்பு பெரிதாவதால் உடை கொஞ்சம் மென்மையாகும், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. முகம் மென்மையானால் தெரியும்.

சாலையோரத்தில் அனுமதி இல்லாமல் பேனர் வைக்கக்கூடாது. அது மாமன்மாருக்கும் தெரியும். மண்டபத்து வளாகத்துக்குள் வைப்பதாக இருந்தாலும், ஒரு சின்னப் பெண்ணின் முகம் அத்தனை பெரிதாக எல்லோர் கண்ணிலும் படப் போகிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்புப் பையன்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்படும் பிள்ளைகள் நிறைய. வேண்டாம் என்றால் மாமன்மார் படத்தையும் சீர்த்தட்டையும் போட்டு, பெண்ணின் பெயரை மட்டும் எழுதினால் போதும். அந்த மாதிரி பேனர்களும் நன்றாகத்தான் இருக்கின்றன.

"ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு இருந்த ராணி பிங்க் தாவணி பத்திரிகையில மங்கிப்போச்சு. ஏன்?"

திரையில் தெரிகிற பளிச்சென்ற பிங்க்கையும் சில நீலங்களையும் அச்சு மையால் கொடுக்க முடியாது. மஞ்சளும் அரக்கும் அவ்வளவாக ஏமாற்றாது. ராணி பிங்க் என்றால் அச்சுக்கு அனுப்பும் முன் `View > Proof Colors` போட்டு, மங்கியது எப்படி இருக்கும் என்று வீட்டாருக்கு அப்போதே காட்டிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அழைப்பிதழுக்கு sRGB-யில் தனி JPG, அச்சகத்துக்கு CMYK-யில் தனிக் கோப்பு. வாட்ஸ்அப் பிரதியை 1200 பிக்சலுக்கு மேல் வைக்க வேண்டியதில்லை. பெண்ணின் முகத்தை யாரும் அதிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்காமல் இருக்கவும் அது கொஞ்சம் உதவும். லேயர்கள் உள்ள PSD-யை வேலை முடிந்ததும் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டோம்.